மே 9 ஏன் தொண்ணூறாவது நாள் இல்லை

2025 மே 9, வெள்ளிக்கிழமை. கருங்கல்லில் வெல்டிங் பட்டறை வைத்திருக்கும் ஒரு தம்பி, பட்டறையைப் பாதி நாள் மூடிவிட்டு, இரண்டு பஸ் மாறி நாகர்கோவிலுக்கு வந்தார். நண்பரின் அம்மாவுக்குத் திங்கட்கிழமை இடுப்பு எலும்பில் ஆபரேஷன். ஓ நெகட்டிவ் வேண்டும். முந்தைய இரவு அவரைக் கூப்பிட்டது நான்தான். ரத்த வங்கியில் படிவத்தைப் பூர்த்தி செய்து கொடுத்தார். கடைசியாக எப்போது கொடுத்தீர்கள் என்ற இடத்தில் பிப்ரவரி 9 என்று எழுதியிருந்தார். அங்கிருந்த பெண் கம்ப்யூட்டரில் தேதியைப் போட்டுப் பார்த்துவிட்டு, "89 நாள்தான் ஆகுது அண்ணே, 90 ஆகணும், நாளைக்கு வாங்க" என்றார்.

தம்பி எனக்குப் போன் போட்டார். "எண்ணே, பிப்ரவரி ஒம்பதுல இருந்து மே ஒம்பது மூணு மாசம் ஆச்சுல்லா? விரல் விட்டு எண்ணியும் பாத்தாச்சு, தொண்ணூறு சரியா வருது. இவங்க எண்பத்தொம்பதுன்னு சொல்லுதாங்க."

அவர் சொன்னதில் பொய் இல்லை. மாதக் கணக்கில் மூன்று மாதம் முடிந்திருந்தது. விரல் விட்டு எண்ணினால் தொண்ணூறும் வந்தது. இரண்டு வழியிலும் அவருக்குக் கிடைத்தது மே 9. ஆனால் இரண்டு வழியுமே தப்பு. ரத்தம் கொடுப்பவர்களின் அடுத்த தேதியைக் குறித்து நான் வைத்திருக்கும் பட்டியலும் அதே மே 9-ஐத்தான் காட்டியது. ஏனென்றால் அந்தப் பட்டியலில் நான் 90 நாளைக் கூட்டவில்லை, மூன்று மாதத்தைக் கூட்டியிருந்தேன். ஒரு ஆளின் அரை நாள் சம்பாத்தியம் என் கணக்கினால் போனது. அன்று ராத்திரியே உட்கார்ந்து இந்தக் கணக்கை முழுக்கப் பிரித்துப் பார்த்தேன். இங்கே எழுதுவது அதைத்தான்.

விதியில் என்ன இருக்கிறது என்பதிலிருந்து தொடங்கலாம். தேசிய ரத்தமாற்றுக் குழு 2017-ல் வெளியிட்ட கொடையாளர் தேர்வு வழிகாட்டுதல்படி, முழு ரத்தம் கொடுக்கும் ஆண்களுக்கு இடைவெளி மூன்று மாதம், பெண்களுக்கு நான்கு மாதம். அந்த மூன்று மாதத்துக்குப் பக்கத்திலேயே அடைப்புக்குறிக்குள் 90 நாள் என்றும், நான்கு மாதத்துக்குப் பக்கத்தில் 120 நாள் என்றும் இருக்கிறது. குழப்பத்துக்கு விதை அங்கேதான் விழுகிறது. மூன்று மாதமும் 90 நாளும் எல்லா நேரத்திலும் ஒன்றாக இருப்பதில்லை. ரத்த வங்கியின் கம்ப்யூட்டர் நாளை எண்ணுகிறது. கொடுப்பவர் மனதில் மாதத்தை எண்ணுகிறார்.

வருடத்தில் எந்த மூன்று மாதத்தை எடுத்தாலும் நாட்களின் எண்ணிக்கை 89-க்கும் 92-க்கும் நடுவில் ஏதாவது ஒன்றாக வரும். ஜூலை 15-ல் கொடுத்தவர் அக்டோபர் 15-ல் வந்தால் 92 நாள் ஆகியிருக்கும். டிசம்பர் 15-ல் கொடுத்தவர் மார்ச் 15-ல் வந்தால் சரியாக 90. அப்படியென்றால் 89 எங்கே வருகிறது? பிப்ரவரியில். பிப்ரவரிக்கு 28, மார்ச்சுக்கு 31, ஏப்ரலுக்கு 30, கூட்டினால் 89. லீப் வருடம் அல்லாத எந்த வருடத்திலும், பிப்ரவரியில் எந்தத் தேதியில் கொடுத்தாலும், மே மாதம் அதே தேதிக்கு வந்தால் ஒரு நாள் குறையும். இதே விபத்து நடக்கிற இன்னொரு நாளும் உண்டு. ஜனவரி 31-ல் கொடுத்தவருக்கு ஏப்ரல் 31 என்று ஒரு தேதி கிடையாது, அதனால் 30-ம் தேதியே வந்துவிடுவார். அதுவும் 89 தான்.

ஆக மொத்தம், சாதாரண வருடத்தில் இருக்கும் 365 நாளில் இந்த 29 நாட்களில் கொடுக்கும் ஆண்களுக்கு மட்டும்தான் 'அதே தேதி, மூன்று மாதம் கழித்து' என்ற கணக்கு காலை வாரும். மற்ற நாட்களில் கொடுத்தவர்கள் அதே தேதியில் தாராளமாக வரலாம். லீப் வருடத்தில் இந்தச் சிக்கலே இல்லை, பிப்ரவரிக்கு ஒரு நாள் கூடி 90 ஆகிவிடும். பெண்களின் கணக்கில் எந்த வருடத்திலும் இது வராது. நான்கு மாதம் என்பது குறைந்தபட்சம் 120 நாள், அதிகபட்சம் 123 நாள். பன்னிரண்டு மாதத்தையும் ஒவ்வொன்றாக எழுதிக் கூட்டிப் பார்த்த பிறகுதான் இதைத் தைரியமாகச் சொல்கிறேன். எட்டு வருடமாகப் பட்டியல் வைத்திருந்தும் இந்தப் பிழை என் கண்ணில் படாமல் இருந்ததற்கு இதுதான் காரணம். வருடத்தில் பதினொரு மாதம் அது சரியாகவே வேலை செய்துகொண்டிருந்தது.

சரி, மாதக் கணக்கு இப்படிப் போகட்டும். தம்பி விரல் விட்டு எண்ணியும் தொண்ணூறு வந்ததே, அது எப்படி?

அவர் பிப்ரவரி 9-ஐ ஒன்று என்று வைத்து எண்ணியிருக்கிறார். நம் ஊர்ப் பழக்கம் அப்படி. சபரிமலைக்கு மாலை போட்டால், போட்ட நாளே விரதத்தின் முதல் நாள். அதிலிருந்து நாற்பத்தொன்று எண்ணுகிறோம். வீட்டில் ஒருவர் தவறிவிட்டால் தவறிய நாளையும் சேர்த்துத்தான் பதினாறாம் நாள் அடியந்திரத்துக்குத் தேதி குறிக்கிறோம். அடுத்த வாரம் இதே கிழமையை 'எட்டாம் நாள்' என்று சொல்வதும் இந்தக் கணக்கில்தான். இன்றைக்கு ஞாயிறு என்றால் ஏழு நாள் கழித்துதான் அடுத்த ஞாயிறு. ஆனால் இன்றையும் சேர்த்து எண்ணுவதால் அது எட்டு ஆகிறது.

ரத்ததானத்தில் அப்படி எண்ணக் கூடாது. இங்கே பார்ப்பது இரண்டு தானங்களுக்கு நடுவே கடந்துபோன நாட்களை. கொடுத்த நாள் பூஜ்யம், மறுநாள்தான் ஒன்று. பிப்ரவரி 9 பூஜ்யம் என்றால் 10-ம் தேதி ஒன்று, 28-ம் தேதி பத்தொன்பது. மார்ச் முடியும்போது 50. ஏப்ரல் முடியும்போது 80. மே 10-ம் தேதி 90. அன்றைக்கே கொடுக்கலாம், 91 ஆக வேண்டும் என்பதில்லை. தம்பி செய்ததுபோல கொடுத்த நாளையும் சேர்த்து எண்ணினால் மே 9 அன்றே தொண்ணூறு வந்துவிடுகிறது. இவர் விஷயத்தில் மாதக் கணக்கின் பிழையும் விரல் கணக்கின் பிழையும் ஒரே தேதியில் வந்து சேர்ந்துகொண்டன. அதனால்தான் அவருக்குச் சந்தேகமே வரவில்லை. இரண்டு சாட்சிகள் ஒரே மாதிரி சொன்னால் யாராக இருந்தாலும் நம்பத்தான் செய்வார்கள்.

இதற்கு நான் இப்போது எல்லோருக்கும் சொல்லிக் கொடுப்பது கிழமைக் கணக்கு. 90 நாள் என்பது பன்னிரண்டு வாரமும் ஆறு நாளும். அதாவது பதின்மூன்று வாரத்துக்கு ஒரு நாள் குறைவு. ஆகவே ஒரு ஆண் எந்தக் கிழமையில் கொடுத்தாரோ அதற்கு முந்தைய கிழமையில்தான் அவருடைய தொண்ணூறாவது நாள் விழ வேண்டும். ஞாயிறு கொடுத்தால் சனி. செவ்வாய் கொடுத்தால் திங்கள். 2025 பிப்ரவரி 9 ஞாயிற்றுக்கிழமை. மே 10 சனிக்கிழமை. பொருந்துகிறது. மே 9 வெள்ளி என்று காலண்டரைப் பார்த்த உடனேயே, இது தப்பு என்று அந்தத் தம்பியும் கண்டுபிடித்திருக்கலாம், நானும் கண்டுபிடித்திருக்கலாம். எண்ணிக்கையில் ஒரு நாள் முன்பின் ஆகியிருந்தால் கிழமை காட்டிக் கொடுத்துவிடும்.

பெண்களுக்கு இது நேர்மாறு. 120 நாள் என்பது பதினேழு வாரமும் ஒரு நாளும். எனவே கொடுத்த கிழமைக்கு அடுத்த கிழமை. ஞாயிறு கொடுத்தவருக்குத் திங்கள்.

இந்த மாவட்டத்தில் இதற்குத் தனியாக ஒரு விளைவு இருக்கிறது. இங்கே முகாம்கள் பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமைகளில்தான் நடக்கும். காலையில் கோவிலில் பூசையோ ஆராதனையோ முடிந்ததும் பங்கு இளைஞர்கள் மண்டபத்தில் கட்டில் போட்டுவிடுவார்கள். ஊர் நற்பணி மன்றங்களும் லீவு நாளைப் பார்த்துத்தான் வைப்பார்கள். ஞாயிறு கொடுக்கும் ஆணுக்கு இது நன்றாகப் பொருந்துகிறது. சனிக்கிழமையே தகுதி வந்துவிடும், மறுநாள் ஞாயிறு முகாமுக்குப் போகலாம். பதின்மூன்று ஞாயிற்றுக்கு ஒரு முறை என்று வைத்தால் 52 வாரத்தில் நான்கு முறை, ஒரு வாரமும் வீணாகாது.

பெண்களுக்கு அப்படி அமையாது. கொடுத்த ஞாயிற்றிலிருந்து எண்ணி பதினேழாவது ஞாயிறு வந்தால் 119 நாள். ஒரே ஒரு நாள் குறைவு. பிப்ரவரி 9-ல் ஒரு முகாமில் கொடுத்த அக்கா, ஜூன் 8 ஞாயிற்றுக்கிழமை வேறொரு முகாமுக்கு வந்தால் திரும்பிப் போக வேண்டியதுதான். அவருக்கு ஜூன் 9 திங்கட்கிழமைதான் 120-வது நாள். திங்கட்கிழமை முகாம் கிடையாது. அடுத்த ஞாயிறு ஜூன் 15 வரை காத்திருக்க வேண்டும், இல்லையென்றால் வார நாளில் நேராக ரத்த வங்கிக்குப் போக வேண்டும். முகாம் தேதியைத் தீர்மானிக்கிறவர்கள் இதைக் கவனித்தால் நன்றாக இருக்கும். ஒரே ஊரில் அடுத்தடுத்த இரண்டு முகாம்களுக்கு நடுவே பதினேழு வாரம் விட்டால், முதல் முகாமுக்கு வந்த பெண்கள் அத்தனை பேரும் இரண்டாவதில் தகுதி இல்லாமல் போவார்கள். பதினெட்டு வாரம் விட்டால் அத்தனை பேரும் வரலாம். இந்த ஒரு வார வித்தியாசத்தைப் பற்றி எந்தக் கூட்டத்திலும் யாரும் பேசி நான் கேட்டதில்லை. முகாமுக்கு வரும் பெண்களை எடை குறைவு, ரத்தம் குறைவு என்று திருப்பி அனுப்புவது ஏற்கெனவே அதிகம். அதோடு இந்த ஒரு நாளும் சேர்ந்தால் மனசு விட்டுப் போய்விடுவார்கள்.

கணக்கின் அடிப்படையையும் கொஞ்சம் தெரிந்துகொள்வது நல்லது, ஏனென்றால் 'ஒரு நாள்தானே, விடக் கூடாதா' என்ற கேள்வி எப்போதும் வரும். ஒரு முறை கொடுக்கும்போது 350 மில்லி அல்லது 450 மில்லி ரத்தம் எடுக்கிறார்கள். அதிலிருக்கும் நீர்ப்பகுதி ஓரிரு நாளில் உடம்பில் திரும்ப ஊறிவிடும். சிவப்பணுக்கள் பழைய அளவுக்கு வர நான்கிலிருந்து ஆறு வாரம் ஆகலாம். எல்லாவற்றையும் விட மெதுவாகத் திரும்புவது இரும்புச்சத்து. 450 மில்லி ரத்தத்தோடு சுமார் 200 முதல் 250 மில்லிகிராம் இரும்பு போய்விடுகிறது. சாப்பாட்டிலிருந்து உடம்பு ஒரு நாளைக்கு இழுத்துக்கொள்வது ஒன்றிரண்டு மில்லிகிராம்தான். சேமிப்பு குறையும்போது உடம்பு கொஞ்சம் கூடுதலாக இழுக்கும், என்றாலும் மாதக்கணக்கில் ஆகும். ஆணின் உடம்பில் கையிருப்பு இரும்பு அதிகம். பெண்ணுக்கு அது குறைவு, மாதவிடாயிலும் போகிறது. அந்த 30 நாள் வித்தியாசத்துக்குக் காரணம் இது.

சிவப்பணுவின் ஆயுள் 120 நாள் என்று பள்ளியில் படித்ததை வைத்து, 'அதனால்தான் பெண்களுக்கு 120' என்று சிலர் விளக்கம் சொல்வார்கள். எண் ஒத்துப்போவதைத் தவிர அதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. அப்படியிருந்தால் ஆணின் சிவப்பணுவும் அதே 120 நாள்தானே வாழ்கிறது.

ஆக 90-வது நாளில் ரத்தத்துக்குள் எதுவும் திடீரென்று மாறிவிடுவதில்லை. எல்லோருக்கும் பொதுவாக ஒரு கோடு போட வேண்டியிருக்கிறது, போட்டிருக்கிறார்கள். ஊருக்கு ஊர் அந்தக் கோடு வேறு. அமெரிக்காவில் 56 நாள். இங்கிலாந்தில் ஆணுக்கு 12 வாரம், பெண்ணுக்கு 16 வாரம். வெளிநாட்டிலிருந்து லீவுக்கு வரும் பிள்ளைகள் 'எனக்கு அங்க 56 நாள்தான்' என்று சொல்வதுண்டு. எந்த நாட்டில் ஊசி குத்துகிறார்களோ அந்த நாட்டின் கணக்குத்தான் செல்லும். அங்கே கொடுத்த தேதியையும் இங்கே சொல்லியாக வேண்டும், ஏனென்றால் ரத்தம் போனது அதே உடம்பிலிருந்துதான். அப்புறம், குறுகிய இடைவெளி வைத்திருக்கும் அமெரிக்காவிலேயே 2015-ல் வெளியான ஒரு ஆய்வில், இரும்பு மாத்திரை சாப்பிடாத கொடையாளர்களில் மூன்றில் இரண்டு பங்கினருக்கு 168 நாள் ஆகியும் இரும்புக் கையிருப்பு பழைய நிலைக்கு வரவில்லை என்று கண்டார்கள். ஆகவே 90 என்பது எல்லாம் நிரம்பி முடிந்த நாள் என்று பொருள் இல்லை. அதற்கு முன்னால் வராதே என்பது மட்டும்தான் அது சொல்வது. நாள் கணக்கு சரியாக இருந்தாலும் ஹீமோகுளோபின் 12.5 கிராம் இருக்கிறதா என்று அன்றைக்குப் பார்ப்பதும் இதனால்தான்.

இனி பட்டியலுக்கு வருகிறேன். முன்பு நோட்டுப் புத்தகத்தில் இருந்ததை இப்போது போனிலேயே ஷீட்டாக வைத்திருக்கிறோம். பெயர், ரத்தப் பிரிவு, ஆண் பெண், கடைசியாகக் கொடுத்த தேதி, அடுத்த தேதி. நான் செய்திருந்த பிழை இது. B2-ல் கடைசித் தேதி இருக்கிறது என்று வையுங்கள்.

```
=EDATE(B2,3)
```

இது மாதத்தைக் கூட்டும். பிப்ரவரி 9-க்கு மே 9 என்று காட்டும். எழுத வேண்டியது நாளைக் கூட்டும் சூத்திரம். C2-ல் ஆண் என்றால் 'ஆ', பெண் என்றால் 'பெ' என்று போட்டிருந்தால் இப்படி:

```
=B2+IF(C2="ஆ",90,120)
```

ஷீட்டுக்குள் ஒவ்வொரு தேதியும் ஒரு எண்ணாகத்தான் சேமிக்கப்படுகிறது. அதனால் 90-ஐ நேரடியாகக் கூட்டினாலே போதும். கொடுத்த நாள் பூஜ்யமாக இருக்க வேண்டும் என்ற விஷயமும் இதில் தானாகவே சரியாகிவிடுகிறது.

சூத்திரம் சரியாக இருந்தும் விடை தப்பாக வரும் இடம் ஒன்று உண்டு. தேதியைத் தட்டும் விதம். 09/02/2025 என்று நாம் தட்டுவது பிப்ரவரி 9. ஆனால் ஷீட்டின் அமைப்பு அமெரிக்க முறையில் இருந்தால் அது செப்டம்பர் 2 என்று எடுத்துக்கொள்ளும். அடுத்த தேதி டிசம்பர் 1 என்று வரும். அந்த ஆளை ஏழு மாதத்துக்கு யாரும் கூப்பிட மாட்டார்கள். பட்டியலில் இருப்பார், ஆனால் இல்லாதவர் மாதிரிதான். மாறாக 13/02/2025 என்று தட்டினால் பதின்மூன்றாம் மாதம் கிடையாது என்பதால் அது தேதியாகவே மாறாமல் வெறும் எழுத்தாக நின்றுவிடும், சூத்திரம் இருக்கும் கட்டத்தில் #VALUE! என்று காட்டும். இந்தப் பிழை பரவாயில்லை, கண்ணில் படுகிறது. பன்னிரண்டாம் தேதி வரைக்குமான தேதிகள்தான் ஆபத்து, ஏனென்றால் சத்தமில்லாமல் வேறு மாதத்துக்குப் போய்விடும். அடையாளம் காண ஒரு வழி இருக்கிறது. தேதி வரிசையை மேலிருந்து கீழே பாருங்கள். சில தேதிகள் கட்டத்தின் வலது ஓரத்திலும் சில இடது ஓரத்திலும் ஒட்டியிருந்தால், இடதில் இருப்பவை எழுத்தாக நின்றுவிட்டவை. அப்படி ஒன்றே ஒன்று இருந்தால்கூட, வலதில் இருப்பவற்றையும் சந்தேகப்பட வேண்டும். இப்போது நாங்கள் 2025-02-09 என்று வருடத்தை முதலில் வைத்தே தட்டுகிறோம். அதில் இந்தக் குழப்பம் வராது.

எந்தத் தேதியைக் கடைசித் தேதியாக எடுப்பது என்பதிலும் சில நேரம் தடுமாற்றம் வரும். நள்ளிரவு தாண்டிப் போய்க் கொடுத்தவர் 'சனிக்கிழமை ராத்திரி கொடுத்தேன்' என்பார். ரத்த வங்கிப் பதிவில் ஞாயிற்றுக்கிழமையின் தேதி இருக்கும். ஞாபகத்தை நம்பாமல், கொடுத்ததும் தரும் அட்டையையோ சான்றிதழையோ ஒரு போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லிவிடுவேன். எடுத்த ரத்தம் பிறகு பயன்படாமல் போனாலும் அந்தத் தேதி கணக்கில் சேரும், உடம்புக்கு இழப்பு இழப்புதான். விரல் நுனியில் ஒரு துளி எடுத்துப் பார்த்துவிட்டுத் திருப்பி அனுப்பியிருந்தால் அது கணக்கில் வராது. பழைய தேதியே தொடரும்.

கொஞ்சம் கவனமாகப் பார்க்க வேண்டியது பிளேட்லெட் கொடுத்தவர்களை. மழைக்காலத்தில் டெங்கு வந்தால் பிளேட்லெட் கேட்டு வரும் அழைப்புகள் கூடும். மெஷின் வழியாகப் பிளேட்லெட்டை மட்டும் எடுத்துக்கொண்டு சிவப்பணுவைத் திரும்ப உடம்புக்குள்ளேயே விடுவதால், அதற்கு இடைவெளி தனி. ஒரு முறை பிளேட்லெட் கொடுத்தவர் 48 மணி நேரம் கழித்து மறுபடியும் பிளேட்லெட் கொடுக்கலாம், ஆனால் வாரத்தில் இரண்டு முறைக்கும் வருடத்தில் 24 முறைக்கும் மேல் கூடாது. முழு ரத்தமும் பிளேட்லெட்டும் மாறி மாறி வரும்போது எந்தப் பக்கமாக இருந்தாலும் 28 நாள் விட வேண்டும்.

நம் வெல்டிங் தம்பியையே எடுத்துக்கொள்வோம். பிப்ரவரி 9-ல் முழு ரத்தம் கொடுத்தார். 28 நாள் கழித்து மார்ச் 9 முதல் அவர் பிளேட்லெட் கொடுக்கத் தகுதி உள்ளவர். ஒருவேளை ஏப்ரல் 25-ல் யாருக்காவது பிளேட்லெட் கொடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? முழு ரத்தக் கணக்கில் அவருக்கு மே 10. பிளேட்லெட் கொடுத்த நாளிலிருந்து 28 எண்ணினால் மே 23. இரண்டில் எது பின்னால் வருகிறதோ அதுதான் அவருடைய தேதி, அதாவது மே 23. மெஷினில் ஏதாவது கோளாறாகிச் சிவப்பணுவை முழுதாகத் திருப்பி விட முடியாமல் போயிருந்தால், 28 நாள் என்ற சலுகை கிடையாது. முழு ரத்தம் போன மாதிரி 90 நாள். அப்போது ஜூலை 24. பிளேட்லெட் கொடுத்துவிட்டு வருபவரிடம் 'ரத்தம் எல்லாம் திரும்பி ஏறிச்சா?' என்று கேட்டு எழுதி வைக்க வேண்டியது இதற்காகத்தான். D2-ல் பிளேட்லெட் தேதி இருந்தால் ஒரு ஆணுக்கு:

```
=MAX(B2+90, D2+28)
```

பிளேட்லெட் கொடுக்காதவருக்கு D2 காலியாக இருக்கும், B2+90 தான் பெரிதாக இருக்கும், ஆகவே சூத்திரத்தை மாற்ற வேண்டியதில்லை.

நோயோ சிகிச்சையோ வந்தால் வரும் தடையையும் இதே மாதிரிதான் சேர்க்கிறோம். டெங்கு வந்தவர் முழுதாகக் குணமான நாளிலிருந்து ஆறு மாதம். ஜூன் 20-ல் குணமானவருக்கு டிசம்பர் 20. பல் பிடுங்கினாலும் ஆறு மாதம். பச்சை குத்தினால் பன்னிரண்டு மாதம். நாய் கடித்து வெறிநாய் தடுப்பூசி போட்டால் ஒரு வருடம். இவற்றுக்கெல்லாம் விதியிலேயே மாதமாகவும் வருடமாகவும் இருப்பதால், மாதத்தைக் கூட்டுவது இங்கே சரி. தடை முடியும் தேதி என்று தனியாக ஒரு கட்டம் வைத்து, அதையும் அந்த MAX-க்குள் போட்டுவிட்டால் முடிந்தது.

மே 9 ராத்திரி இதையெல்லாம் திருத்தி முடித்தபோது, பட்டியலில் பிப்ரவரியில் கொடுத்த ஆண்கள் ஒவ்வொருவருடைய தேதியும் ஒரு நாள் தள்ளிப் போயிருந்தது. அவர்களில் இருவருக்கு அந்த வாரமே வரச் சொல்லி ஏற்கெனவே செய்தி போட்டிருந்தேன். அவர்களுக்கு உடனே புதுத் தேதி அனுப்பினேன்.

தம்பி மறுநாள் சனிக்கிழமை மறுபடியும் பஸ் ஏறி வந்தார். இந்த முறை நானும் கூடப் போனேன். விரலில் குத்தி, நீல நிறக் கரைசலில் ஒரு துளியை விட்டார்கள். அது நேராக அடியில் போய் உட்கார்ந்தது. மிதந்திருந்தாலோ நடுவில் தயங்கி நின்றிருந்தாலோ ஹீமோகுளோபின் போதாது என்று அர்த்தம். பத்து நிமிடத்தில் கொடுத்து முடித்து, கட்டனும் பிஸ்கட்டும் வாங்கிக்கொண்டு வெளியே திண்ணையில் உட்கார்ந்தோம். அட்டையில் புதுத் தேதி மே 10 என்று இருந்தது. "அடுத்தது எப்பன்னு நீயே சொல்லு மக்கா" என்றேன். விரலை மடக்கத் தொடங்கியவர் நிறுத்திவிட்டு, போனில் காலண்டரைத் திறந்து ஆகஸ்ட் 10-க்குப் போனார். ஞாயிறு. தலையை ஆட்டிக்கொண்டே இரண்டு கட்டம் பின்னால் வந்தார். "இன்னைக்குச் சனி, அப்ப வெள்ளிக்கிழமைதான் வரணும். ஆகஸ்ட் எட்டு."

ஷீட்டைத் திறந்து அவருடைய வரியில் 2025-05-10 என்று தட்டினேன். பக்கத்துக் கட்டத்தில் 2025-08-08 என்று வந்தது.